பட்டுக்கடை ரீலுக்குப் பாட்டும் படமும்: எந்த வழி நிலைக்கும்?

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்கு மூன்று ஆண்டுகளாக இன்ஸ்டாகிராம் ரீல்களை நான்தான் எடிட் செய்து கொடுத்து வருகிறேன். ஆவணி முகூர்த்தக் காலத்தில் 34 நொடி ரீல் ஒன்றைப் போட்டோம். தறியில் ஜரிகை ஓடுவதில் தொடங்கி, முந்தியை விரித்துக் காட்டி, புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பதோடு முடியும் அந்த ரீலுக்கு, அந்த வாரம் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த திரைப்பாடல் ஒன்றையே பின்னணியாக வைத்திருந்தேன். நான்காம் நாள் காலையில் ரீல் இருந்த இடத்தில் இருந்தது, பார்வைகளும் இருந்தன, சத்தம் மட்டும் இல்லை. "என்னப்பா, நம்ம ரீல் ஊமையாயிடுச்சு, என் போன்லதான் கோளாறா?" என்று மாமா கேட்டபோதுதான் நானும் கவனித்தேன்.

அதற்குப் பிறகு, கடைக் கணக்கில் போடும் ரீலுக்கு இசையும் படமும் எங்கிருந்து எடுப்பது என்பதை ஒவ்வொரு வழியாக எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பொழுதுபோக்குக்காகத் தன் குழந்தையின் பிறந்தநாளைப் போடுபவருக்கு இந்த ஒப்பீட்டின் பெரும்பகுதி தேவைப்படாது. இங்கே சொல்வது விற்பனைக்காக ரீல் போடுபவர்களுக்கானது.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் "பாட்டு" என்று ஒரே சொல்லால் குறிப்பதில் சட்டம் குறைந்தது மூன்று உடைமைகளைப் பார்க்கிறது: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். வாசித்தவருக்கும் பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு கைகளில் இருக்கலாம். "தியாகராஜர் பாட்டுக்கு ஏது காப்பிரைட்" என்று சொல்பவர் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் பேசுவது இதனால்தான். தியாகராஜர் 1847-இல் மறைந்தார், அவருடைய கீர்த்தனைகள் பொதுவுடைமை, யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம்; ஆனால் அந்தக் கீர்த்தனையை ஒரு நாகஸ்வர வித்வான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக வாசித்த ஒலிப்பதிவு அந்த நிறுவனத்துடையது. பாபநாசம் சிவன் 1973-இல்தான் மறைந்தார் என்பதால், அவருடைய பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. கச்சேரி மேடையில் இருவர் பாடலும் அடுத்தடுத்து வருவதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை.

முதல் வழி: செயலியிலேயே கிடைக்கும் திரைப்பாடல்

பெரும்பாலோர் நம்பும் வழி இதுதான், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பாட்டு செயலியின் பட்டியலிலேயே இருக்கிறதே, அவர்களே கொடுத்துவிட்டுப் பிறகு எப்படித் தப்பு என்பார்கள் என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா இசை நிறுவனங்களோடு செய்துகொண்டிருக்கும் ஒப்பந்தம் தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டை மனத்தில் கொண்டது. அவர்களுடைய இசை வழிகாட்டுதலே, தகுந்த உரிமத்தைத் தனியாகப் பெறாமல் வணிக நோக்கத்துக்கு இசையைப் பயன்படுத்துவது கூடாது என்று சொல்கிறது. பிசினஸ் கணக்காகப் பதிவு செய்துகொண்டால் திரைப்பாடல்கள் பட்டியலிலிருந்து பெருமளவு மறைந்துபோவதும் இதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு குறுக்கு யோசனை எல்லாக் கடைக்காரர்களிடமும் சுற்றிவருகிறது: கணக்கை பிசினஸிலிருந்து கிரியேட்டருக்கு மாற்றிவிட்டால் பாட்டெல்லாம் திரும்ப வந்துவிடும். வரும் என்பது உண்மை. நாங்களும் அப்படித்தான் செய்திருந்தோம். ஆனால் கணக்கின் வகையை மாற்றுவதால் ரீலின் நோக்கம் மாறிவிடுவதில்லை. புடவையின் விலையும் வாட்ஸ்அப் எண்ணும் எழுதியிருக்கும் ரீல், எந்தக் கணக்கில் இருந்தாலும் விளம்பரம்தான். செயலி தானாகப் பிடிக்காவிட்டாலும் உரிமையாளர் நேரடியாகப் புகார் கொடுக்கலாம், வழக்கும் தொடுக்கலாம். அமெரிக்காவில் பேங் எனர்ஜி என்ற பானத்தை விற்ற நிறுவனம் டிக்டாக் காணொளிகளில் புகழ்பெற்ற பாடல்களைப் போட்டதற்காக யுனிவர்சல் மியூசிக் வழக்குத் தொடுத்தபோது, டிக்டாக்கில் கிடைத்த இசைதானே என்ற வாதம் எடுபடவில்லை. தானே போட்ட காணொளிகளுக்கு அந்த நிறுவனம் பொறுப்பாளி என்று புளோரிடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. காஞ்சிபுரத்துக் கடை ஒன்றின் மீது யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று மாமா சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முகூர்த்த நேரத்தில் ரீல் மியூட் ஆனாலே அவருக்கு நஷ்டம்தான், அதற்கு வழக்கு தேவையில்லை. போதாக்குறைக்கு, இத்தகைய பாட்டு வைத்த ரீலைப் பணம் கட்டி பூஸ்ட் செய்யவும் செயலி விடாது.

பட்டியலில் "ஒரிஜினல் ஆடியோ" என்ற பெயரில் வேறொருவர் ஏற்றிய ஒலியை எடுத்துப் போடுவது இதைவிடவும் மோசம். யாரோ ஒருவர் திரைப்பாடலின் 15 நொடியை வெட்டித் தன் குரலோடு சேர்த்து ஏற்றியிருப்பார். அது டிரெண்டிங்கில் வரும். மூல ரீலின் ஒலி நீக்கப்படும் நாளில் அதைப் பயன்படுத்திய அத்தனை ரீல்களும் சேர்ந்து ஊமையாகும். எங்களுடைய 34 நொடி ரீலுக்கு நடந்தது அதுதான் என்று பிறகு தெரிந்தது.

15 நொடிக்குக் குறைவாக இருந்தால் தப்பில்லை, வேகத்தைச் சற்றுக் கூட்டினால் கண்டுபிடிக்க முடியாது, கீழே உரிமை உரியவருக்கே என்று எழுதினால் போதும் என்று சொல்வதில் எதற்கும் சட்டத்தில் இடமில்லை. நியாயமான பயன்பாட்டுக்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தரும் விலக்கு, விமர்சனம், மதிப்புரை, செய்தி போன்றவற்றுக்கானது. அதே பிரிவில் திருமணம் உள்ளிட்ட சமயச் சடங்கில் பாட்டு ஒலிக்கச் செய்வதற்கும் விலக்கு இருக்கிறது. கல்யாணப் புகைப்படக்காரர்கள் சிலர் அதைக் காட்டி, மண்டபத்தில் ஒலித்த பாட்டோடு ரீல் போடலாம் என்கிறார்கள். மண்டபத்தில் ஒலிப்பதற்கான விலக்கு அது. அந்தக் காட்சியை எடுத்துத் தன் ஸ்டுடியோவின் விளம்பரமாகப் போடுவது வேறு செயல்.

இரண்டாவது, மூன்றாவது வழிகள்: இலவசத் தொகுப்பும் சந்தாவும்

மெட்டாவே `Meta Sound Collection` என்ற பெயரில் ஒரு தொகுப்பை வைத்திருக்கிறது. பிசினஸ் கணக்குக்கும் கிடைக்கும், விளம்பரத்துக்கும் போடலாம், பணம் இல்லை. பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் இதற்கு ஈடான இலவச வழி வேறில்லை. குறை இரண்டு. ஒன்று, நம் காதுக்குப் பழகிய ஒலி அதில் மிகக் குறைவு; கிதாரும் பியானோவும் நிறைய இருக்கும், தவில் சத்தம் தேடினால் கிடைக்காது. பட்டுப்புடவை விரியும் காட்சிக்கு அவற்றில் எதைப் போட்டாலும் ஏதோ காப்பிக்கடை விளம்பரம் போலத்தான் இருந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம். மற்றொன்று, அந்த இசை பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பயன்படுத்துவதற்காகத் தரப்பட்டது. அதே ரீலைத் தரவிறக்கி யூடியூப் ஷார்ட்ஸில் ஏற்றினால் அந்த அனுமதி கூடவே வராது. யூடியூபின் ஆடியோ லைப்ரரியை எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசை, மாதச் சந்தா கட்டிப் பெறும் இசை ஆகியவை அடுத்து வருகின்றன. கிரியேட்டிவ் காமன்ஸில் பார்க்க வேண்டியது உரிமத்தின் பின்னொட்டை மட்டும்தான். `CC BY` என்றால் பெயர் குறிப்பிட்டு விற்பனைக்கும் பயன்படுத்தலாம். `NC` என்ற எழுத்துகள் இருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று பொருள், கடைக்கு ஆகாது. `ND` இருந்தால் மாற்றக்கூடாது என்று பொருள், இசையைக் காணொளியோடு இணைப்பதையே மாற்றமாகத்தான் அந்த உரிமம் கருதுகிறது. சந்தா இசையில், சந்தா நடப்பில் இருந்தபோது வெளியிட்ட ரீல் பின்னாளில் சந்தாவை நிறுத்திய பிறகும் பாதுகாப்பாக இருக்குமா, எந்தெந்தக் கணக்குகள் அதில் அடங்கும், வாடிக்கையாளருக்காக எடிட் செய்பவர் தன் சந்தாவில் கடையின் ரீலைச் செய்யலாமா ஆகிய மூன்றையும் திட்ட விவரத்தில் படித்துவிட வேண்டும். தனிநபர் திட்டம் பெரும்பாலும் கடைக்குப் போதாது. மாதம் பத்துப் பன்னிரண்டு ரீலை மூன்று தளங்களில் போடுகிறவருக்குச் சந்தா கட்டுப்படியாகும். மாமாவைப் போல மாதம் மூன்று ரீல் போடுகிறவருக்கு அது தண்டச் செலவு.

இலவச இசையிலும் ஒரு விநோதமான சிக்கல் உண்டு. எவரோ ஒருவர் அந்த இலவச இசையின் மேல் தன் குரலைச் சேர்த்துத் தன் படைப்பாகப் பதிவு செய்துவிட்டால், ஒலியை ஒப்பிடும் இயந்திரம் நம்முடையதைத்தான் திருட்டு என்று சொல்லும். அப்போது நம் பக்கம் பேசக்கூடியது தரவிறக்கிய அன்று உரிமப் பக்கத்தைத் தேதியோடு எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான்.

நான்காவது வழி: நாமே பதிவு செய்வது

நாங்கள் இறுதியில் தேர்ந்தெடுத்தது இதை. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் செலவு நினைத்ததைவிடக் குறைவு, காகித வேலை நினைத்ததைவிட அதிகம்.

கோயில் ஒன்றில் வாசிக்கும் நாகஸ்வரக்காரரையும் தவில்காரரையும் ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் கடையின் மாடிக்கு அழைத்தோம். இருவருக்கும் சேர்த்து 7,000 ரூபாய் பேசிக்கொண்டோம். மூன்று பக்கமும் புடவைக் கட்டுகள் அடுக்கிய அந்த அறையில் எதிரொலி அடங்கிவிட்டதால் பதிவுக்கென்று வேறு ஏற்பாடு தேவைப்படவில்லை. நாகஸ்வரம் அறைக்குள் காதைப் பிளக்கும் என்பதால் ரெக்கார்டரை எட்டடி தள்ளி வைத்து, ஒலியளவு சிவப்பைத் தொடாதபடி குறைத்துக்கொண்டேன். மரபான மல்லாரி ஒன்று, தியாகராஜர் கீர்த்தனை இரண்டின் பல்லவி, தவில் மட்டும் தனியாக இரண்டு நிமிடம், கெட்டிமேளம் ஐந்தாறு முறை. கெட்டிமேளத்தைப் பலமுறை வாங்கியது நல்லதாயிற்று, முந்தி விரியும் நொடியில் வைக்க ஒவ்வொரு ரீலுக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது. நடுவில் நாகஸ்வரக்காரர் உற்சாகத்தில் ஒரு திரைப்பாடலை எடுத்தார். அழகாக வாசித்தார். அதை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒலிப்பதிவு நம்முடையதாக இருந்தாலும் மெட்டு இசையமைப்பாளருடையதோ இசை நிறுவனத்துடையதோதான். பாட்டை நாமே பாடிப் போட்டால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் இதுவே பதில்.

பிறகு காகிதம். பதிவை ஏற்பாடு செய்து பொறுப்பேற்றவரையே ஒலிப்பதிவின் தயாரிப்பாளராகச் சட்டம் கருதுவதால் அந்த உரிமை கடைக்கு வருகிறது, மெட்டு பொதுவுடைமை, எஞ்சுவது வாசித்த இருவரின் நிகழ்த்துநர் உரிமை. அதற்காக ஒரு பக்கத்தில், என்ன வாசித்தார்கள், எந்தத் தேதியில், எவ்வளவு பெற்றுக்கொண்டார்கள், சமூக ஊடகத்திலும் கட்டண விளம்பரத்திலும் பயன்படுத்தச் சம்மதம், எத்தனை ஆண்டுகளுக்கு, உலகம் முழுவதற்கும் என்று தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினோம். காலத்தையும் இடத்தையும் எழுதியதற்குக் காரணம் உண்டு. பதிப்புரிமையை எழுதிக்கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் புடவை கேட்டு வருபவர்கள் இருக்கும்போது அந்த ஒரு வரியை விடக்கூடாது. பழைய கீர்த்தனையை விட்டுவிட்டு ஓர் இளைஞரிடம் புதிய மெட்டுப் போடச் சொல்லியிருந்தால், அந்த மெட்டு அவருடையது. பணம் கொடுத்ததாலேயே அது கடைக்கு வந்துவிடாது, எழுத்தில் கையெழுத்தோடு வாங்கினால்தான் வரும்.

இதன் பிறகும் ஒரு ரீல் மியூட் ஆனது. கீர்த்தனையின் பல்லவி வேறொரு நாகஸ்வர ஒலிப்பதிவோடு பொருந்துவதாக அறிவிப்பு வந்தது. ஒரே ராகம், ஒரே மெட்டு, ஒரே கருவி என்றால் இயந்திரம் ஏமாறுவது வியப்பல்ல. இத்தகைய நேரத்தில் ரீலை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு, அதே ஒலி அதே இடத்தில்தான் மாட்டும். அறிவிப்பிலேயே இருக்கும் ஆட்சேபம் தெரிவிக்கும் வழியில் போய், ஒலிப்பதிவு எங்களுடையது, பதிவான தேதி இது, கீர்த்தனை பொதுவுடைமை என்று மூன்று வரி எழுதினேன். இரண்டு நாளில் சத்தம் திரும்பியது. மல்லாரிக்கும் தனித் தவிலுக்கும் இதுவரை எந்த அறிவிப்பும் வரவில்லை என்பதால், அவசர ரீல்களுக்கு இப்போது அவற்றையே எடுக்கிறேன். செட்டிங்ஸில் `Account Status` என்ற பக்கத்தை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. நீக்கப்பட்ட பதிவுகள் அங்கே தெரியும், அடுத்தடுத்து உண்மையான புகார்கள் சேர்ந்தால் கணக்கே போய்விடும்.

ஐந்தாவதாக ஒரு வழியும் இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை: இசையே வைக்காமல் தறியின் சத்தத்தை மட்டும் விடுவது. நாடா ஓடும் சத்தமும் பலகை இடிக்கும் சத்தமும் தாளம் தவறாமல் வரும். ஆனால் படம் எடுக்கும்போது கடையின் ரேடியோவை நிறுத்தியாக வேண்டும். பின்னணியில் சன்னமாக ஒலிக்கும் எப்.எம். பாட்டையும் இயந்திரம் கேட்டுவிடும், எங்களுக்கு ஒருமுறை அப்படி ஒரு ரீல் போனது.

படங்கள்

படத்தில் இயந்திரம் இவ்வளவு கறாராக இல்லை, அதனால்தான் மக்கள் இன்னும் அலட்சியமாக இருக்கிறார்கள். கூகுளிலும் பின்டரஸ்ட்டிலும் கிடைக்கும் படம் யாரோ ஒருவர் எடுத்தது. எடுத்தவர் யாரென்று தெரியாதது அனுமதி ஆகாது. புடவைக் கடைகள் அதிகம் மாட்டுவது இரண்டு இடங்களில். ஒன்று, இன்னொரு கடையின் மாடல் படத்தை எடுத்து இதே புடவை எங்களிடமும் உண்டு என்று போடுவது. உரிமையாளர் புகார் கொடுத்தால் ரீல் போய்விடும், வாடிக்கையாளருக்கு நிறம் மாறிய புடவை போய்ச் சேர்ந்தால் வேறு சண்டையும் வரும். மற்றொன்று, நடிகையர் படம். அதில் புகைப்படக்காரரின் உரிமையோடு, தன் பெயரையும் முகத்தையும் பிறர் வணிகத்துக்குப் பயன்படுத்தாதபடி தடுக்கும் அவரது ஆளுமை உரிமையும் சேர்கிறது. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ் போன்ற தளங்களின் படங்களை விற்பனைக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி உரிமம். எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் ரீலின் விளக்கத்தில் எழுத வேண்டியிருக்கும், `SA` என்று இருந்தால் அதை மாற்றி உருவாக்குவதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். கோயில் கோபுரம் ஒன்று இரண்டு நொடி வந்து போவதற்கு இவை போதும். சாமி படத்தில் ராஜா ரவி வர்மா வரைந்தவை பொதுவுடைமை, அவர் 1906-இல் மறைந்தார். சுவரில் தொங்கும் சிவகாசிக் காலண்டர் படத்தை அப்படிக் கொள்ள முடியாது.

விற்கும் பொருளின் படத்துக்கு மட்டும் இந்த ஒப்பீடே தேவையில்லை என்பேன். கடை வாசலில் காலை ஒன்பது மணிக்கு விழும் சாய்வெயிலில் போனில் எடுத்தால் ஜரிகையின் நிறம் உள்ளபடி வருகிறது. புகைப்படக்காரரைப் பணம் கொடுத்து அழைத்து எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. மெட்டுக்கு இல்லாத சலுகை இது. ஆனால் புகைப்படக்காரர் கொடுக்கும் பில்லின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் வேறு ஒப்பந்தம் இருக்கலாம் என்பதால் அதையும் படித்துவிட்டே பணம் கொடுக்கிறோம். புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கும் வாடிக்கையாளர் முகம் வந்தால், போடலாமா அம்மா என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு சரி வாங்கிக்கொள்கிறோம்.

அந்த 34 நொடி ரீலைத் தை முகூர்த்தத்துக்குத் தவில் சத்தத்தோடு மறுபடி போட்டோம். பழைய பாட்டுக்கு வந்த அளவு பார்வைகள் வரவில்லை. பூஸ்ட் செய்ய முடிந்தது, சத்தம் இன்றுவரை இருக்கிறது. மாமாவுக்கு மட்டும் அந்தத் திரைப்பாடல்தான் இன்னமும் பிடித்திருக்கிறது. கடை ரேடியோவில் அது வரும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டுகிறார், நான் கேமராவை அணைக்கிறேன்.